வேலை போனப்போ ஹோம் லோன் பேங்குக்கு எழுதின லெட்டர்

2024 ஜூன்ல எனக்கு வேலை போச்சு. ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில டெஸ்டிங் டீம் லீடா இருந்தேன், பதினோரு வருஷ அனுபவம், ஒரு செவ்வாக்கிழமை மதியம் மீட்டிங் ரூமுக்கு கூப்ட்டு ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு நீங்களே ரிசைன் பண்ணிடுங்கன்னு சொல்லிட்டாங்க. அந்தக் கதைய இங்க எழுத வரல. அதுக்கப்புறம் வீட்டு லோன் இஎம்ஐய வெச்சுக்கிட்டு நான் பேங்குல என்னென்ன பட்டேன், கடைசில என்ன வேலைக்கு ஆச்சு, அதை மட்டும் சொல்றேன். ஏன்னா அப்ப நான் தேடினப்போ கிடைச்சது எல்லாம் "மதிப்பிற்குரிய ஐயா, என் குடும்பச் சூழ்நிலை கருதி சிறிது அவகாசம் தருமாறு" டைப் மாதிரிக் கடிதங்கள்தான், அதுல ஒண்ணுகூட பேங்க்காரங்க உண்மைல எதைப் பாத்து முடிவு பண்றாங்கன்னு சொல்லல.

எங்க கணக்கு இது. மேடவாக்கம் பக்கம் ஃப்ளாட், லோன்ல பாக்கி 28 லட்சம், வட்டி 9 சதவீதம், இன்னும் 16 வருஷம். இஎம்ஐ 27,567 ரூபாய், மாசம் 5ஆம் தேதி. லோன் என் பேர்ல, என் வீட்டுக்காரர் கோ-அப்ளிகண்ட். அவர் பிரிண்டிங் வேலை எடுத்துச் செய்றாரு, மாசம் இருபத்தஞ்சு வந்தா பெருசு, அதுலதான் சாப்பாடு, பொண்ணோட ஃபீஸ், மாமியார் மாத்திரை எல்லாம். கைல இருந்த காசுல ஜூலை இஎம்ஐ கட்டியாச்சு. ஆகஸ்ட்லேருந்து முழுசா கட்ட வழி இல்ல, பாதி கட்டலாம். அவ்ளோதான் நிலைமை.

மொதல்ல ப்ராஞ்ச்சுக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனுஷன், உக்கார வெச்சுப் பேசினாரு, "கவலைப்படாதீங்க மேடம் பாத்துக்கலாம், ஒரு லெட்டர் குடுத்துடுங்க"ன்னாரு. அந்த "பாத்துக்கலாம்"ங்கிறத நம்பி யாரும் வீட்டுக்கு வந்துடாதீங்க. நிறைய பேங்க்ல ஹோம் லோன் ஃபைல் ப்ராஞ்ச்லயே இருக்காது, லோன் ப்ராசஸிங் சென்டர்னு தனியா ஒரு ஆபீஸ் இருக்கும், அங்க இருக்கிற கிரெடிட் ஆபீசர்தான் பாப்பாங்க. உங்க சாங்ஷன் லெட்டர எடுத்துப் பாருங்க, எந்த ஆபீஸ் அனுப்பினதுன்னு அதுல இருக்கும், லெட்டர் அந்த அட்ரஸுக்கும் போகணும், ப்ராஞ்ச்சுக்கும் போகணும். நான் ப்ராசஸிங் சென்டருக்கு நேர்லயே போயிட்டேன், அங்க ஒரு அம்மா, ரிட்டயர் ஆகப் போற வயசு, கொஞ்சம் கடுகடுன்னு பேசினாங்க ஆனா எனக்கு உருப்படியா விஷயம் சொன்ன ஒரே ஆள் அவங்கதான். என் லெட்டரப் படிச்சிட்டு, "இதுல உங்க கஷ்டம் எல்லாம் இருக்கு, எனக்கு என்ன வேணும்ங்கிறது இல்லையேம்மா, எவ்ளோ கட்டுவீங்க, எந்த மாசத்துலேருந்து எந்த மாசம் வரைக்கும், மிச்சத்த என்ன பண்ணப் போறீங்க, அதை எழுதிக் குடுங்க"ன்னாங்க. "கொஞ்ச அவகாசம்" கேட்டா அதுக்கு அவங்களால ஒரு நோட் கூடப் போட முடியாதாம்.

சரி என்ன கேக்கறதுன்னு வீட்டுக்கு வந்து எக்ஸல்ல போட்டுப் பாத்தேன். இதை எல்லாரும் கேக்கறதுக்கு முன்னாடி போட்டுப் பாக்கணும், ஏன்னா காதுக்கு நல்லா இருக்கிறதெல்லாம் கைக்கு நல்லா இல்ல. "வட்டி மட்டும் கட்றேன், அசல் கொஞ்ச மாசம் வேணாம்"னு கேக்கலாம்னு எங்க அண்ணன் சொன்னாரு. 28 லட்சத்துக்கு 9 சதவீதம்னா மாச வட்டியே 21,000. அப்ப எனக்கு மிச்சமாகறது மாசம் 6,567 ரூபாய்தான். லோனோட மொத பாதில இருக்கிற யாருக்கும் இப்படித்தான் இருக்கும், இஎம்ஐல பெரும்பங்கு வட்டிதான். அடுத்தது வருஷத்த நீட்டறது. 16 வருஷத்த 20 ஆக்கினா இஎம்ஐ 25,192 ஆகுது, மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம் குறையறதுக்கு நாலு வருஷம் கூடுதலா கட்டணும், அதுவும் நமக்கு இப்ப இருக்கிற பிரச்சனைக்கு உதவாது.

ஆறு மாசம் ஒண்ணுமே கட்டாம விட்டா என்ன ஆகும்? வட்டி மேல வட்டி ஏறி ஏறக்குறைய 1,28,000 ரூபாய் அசலோட சேருது. அதே இஎம்ஐயத் தொடர்ந்து கட்டினா, லோன் முடிய வேண்டிய தேதி 27 மாசம் தள்ளிப் போகுது. அதாவது ஆறு மாசம் கட்டாம இருந்ததுக்கு பின்னாடி 21 இஎம்ஐ கூட கட்டணும், ரூபாயா பாத்தா ஏறக்குறைய 5.8 லட்சம். நான் இதை மூணு தடவ சரி பாத்தேன், நம்ப முடியல. அதுவே மாசம் 14,000 கட்டிட்டு வந்தா சேர்றது 43,000 மாதிரிதான், முடியற தேதி 13 மாசம் தள்ளுது, கூடுதல் செலவு 2.7 லட்சம் கிட்ட. கட்ட முடிஞ்ச பாதிய விடாம கட்றதுதான் புத்திசாலித்தனம்னு அன்னிக்கு ராத்திரி முடிவு பண்ணேன். இதெல்லாம் அபராதக் கட்டணம் சேக்காம, வட்டி 9ன்னே இருக்கும்னு வெச்சுப் போட்ட கணக்கு.

மறுபடி அந்த அம்மாகிட்ட போனப்போதான் பெரிய விஷயமே தெரிஞ்சுது. நான் 2020 மாதிரி மொராட்டோரியம் கிடைக்குமான்னு கேட்டேன். கொரோனா டைம்ல மார்ச் 1லேருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் இஎம்ஐ தள்ளிப் போட்டாங்களே, அது ரிசர்வ் வங்கி தனியா அனுமதி குடுத்ததால நடந்தது, கணக்கு கெட்டுப் போகாதுன்னு அதுலயே சொல்லியிருந்தாங்க. இப்ப அப்படி ஒரு அனுமதி இல்ல. கடன்காரர் கஷ்டத்துல இருக்கார்ங்கிற காரணத்துக்காக பேங்க் தவணைய மாத்திக் குடுத்தா அதுக்குப் பேரு ரீஸ்ட்ரக்சரிங், அது பண்ணினா ஒழுங்கா இருந்த கணக்கையும் பொதுவா என்பிஏ, அதாவது வாராக்கடன்னு இறக்கி வெக்கணும்ங்கிறது விதி. "அதனாலதாம்மா யாரும் சீக்கிரம் கையெழுத்து போட மாட்டாங்க, போட்டா உங்களுக்கும் நல்லதில்ல, சிபில்ல ரீஸ்ட்ரக்சர்டுன்னு விழும்"ன்னாங்க. எனக்கு தலை சுத்திடுச்சு. நிவாரணம்னு நாம கேக்கறதே நம்ம கணக்க கெடுத்துடுமாம், இது எந்த மாதிரிக் கடிதத்துலயும் இல்லையே.

அப்ப என்னதான் வழின்னா, பாக்கி 90 நாளத் தொடாம பாத்துக்கறது. கணக்கு கெட ஆரம்பிக்குதுன்னு பேங்க் குறிச்சு வெக்கிற எச்சரிக்கைப் படிதான் எஸ்எம்ஏ. இஎம்ஐ தேதி அன்னிக்கு கட்டலன்னா அன்னிக்கே எஸ்எம்ஏ-0, 30 நாள் தாண்டினா எஸ்எம்ஏ-1, 60 தாண்டினா எஸ்எம்ஏ-2, 90 ஆனா என்பிஏ. ரிசர்வ் வங்கியே ஒரு உதாரணம் குடுத்திருக்கு, மார்ச் 31 தவணை கட்டலன்னா ஜூன் 29 ராத்திரி கணக்கு முடிக்கும்போது என்பிஏ. மூணு இஎம்ஐ விட்டா என்பிஏன்னு ஊர்ல சொல்றது தோராயம்தான், உண்மைல பாக்கறது எல்லாத்துலயும் பழைய பாக்கி எத்தனை நாளா நிக்குதுங்கிறத. நாம கட்ற காசு பொதுவா பழைய பாக்கிக்குத்தான் மொதல்ல போகும். அதனால மாசம் பாதி கட்டினா ரெண்டு மாசத்துக்கு ஒரு இஎம்ஐ தீரும், பழைய பாக்கியோட வயசு மெதுவா ஏறும். என் கணக்குல ஆகஸ்ட் 5 இஎம்ஐலேருந்து ஆரம்பிச்சு மாசா மாசம் 1ஆம் தேதி 14,000 போட்டுட்டே வந்தா டிசம்பர் முடியற வரைக்கும் 90ஐத் தொடாது. 1ஆம் தேதிங்கிறது முக்கியம், 6ஆம் தேதி போட்டா ஒரு படி தாண்டிடும். ஒண்ணுமே கட்டாம விட்டிருந்தா நவம்பர் மொத வாரமே போயிருக்கும். என்பிஏ ஆயிடுச்சுன்னா அப்புறம் சர்ஃபேசி சட்டத்துல 60 நாள் நோட்டீஸ், வீட்டு மேல கை வெக்கிறது அங்கேருந்து ஆரம்பிக்கும். என்பிஏலேருந்து வெளிய வரணும்னா அதுவரைக்கும் கட்டாம விட்ட மொத்த பாக்கியும் கட்டினாத்தான், ஒரு இஎம்ஐ கட்டி சரி பண்ண முடியாது.

இதெல்லாம் தெரிஞ்சப்புறம் எழுதின லெட்டர கீழ போடறேன். நான் அனுப்பினது இங்கிலீஷ்ல, விஷயம் இதுதான். அதுல நாச்னு வர்றது மாசா மாசம் நம்ம அக்கவுண்ட்லேருந்து இஎம்ஐய தானா எடுக்கிற ஏற்பாடு.

"ஐயா, வீட்டுக் கடன் கணக்கு எண் (எண்). இக்கணக்கில் 2024 ஜூலை வரை அனைத்துத் தவணைகளும் உரிய தேதியில் செலுத்தப்பட்டுள்ளன. நான் பணிபுரிந்த நிறுவனத்தில் என் பணியிடம் நீக்கப்பட்டதால் 2024 ஜூன் மாதம் வேலை இழந்தேன். நிறுவனம் அளித்த கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. தற்போது குடும்பத்தின் ஒரே வருமானம் இணைக் கடன்தாரரான என் கணவருடையது. அவரது ஆறு மாத வங்கிக் கணக்கு விவரமும் இணைக்கப்பட்டுள்ளது. 2024 ஆகஸ்ட் முதல் 2025 ஜனவரி வரை ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதிக்குள் ரூ.14,000 நேரடியாகக் கடன் கணக்கில் செலுத்த என்னால் இயலும். இக்காலத்தில் முழுத் தவணைக்கான நாச் பற்றை வங்கிக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதற்கு முன்பே வேலை கிடைத்தால் ஒரு வாரத்திற்குள் தெரிவித்து, நிலுவையைச் செலுத்தும் அட்டவணையைத் தருவேன். இக்கோரிக்கை மறுசீரமைப்பாகக் கருதப்படுமா, செலுத்தாத தொகைக்கு என்ன கட்டணம், கடன் தகவல் நிறுவனங்களுக்கு எவ்வாறு தெரிவிக்கப்படும் என்பவற்றை, எந்த மாற்றமும் செய்வதற்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்கவும். மறுசீரமைப்பு செய்வதற்கு இக்கடிதத்தை என் ஒப்புதலாகக் கொள்ள வேண்டாம். இக்கோரிக்கை இயலாது எனில், தங்களால் இயன்ற மாற்று வழியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்."

கையெழுத்து நானும் போட்டேன், அவரும் போட்டாரு. கோ-அப்ளிகண்ட் கையெழுத்து இல்லன்னா திருப்பி அனுப்புவாங்க, அவர் சிபிலும் சேந்துதான் அடி வாங்கும். மாமியார் உடம்பு, பொண்ணு படிப்பு எதுவும் லெட்டர்ல இல்ல பாருங்க. அது கல்மனசுன்னு இல்ல, அதை வெச்சு அவங்க ஒண்ணும் பண்ண முடியாது. அதே மாதிரி "அக்டோபர்ல கண்டிப்பா வேலை கிடைச்சிடும்"னு எல்லாம் எழுதாதீங்க, கிடைக்கலன்னா அந்த வரியத்தான் திருப்பிக் காட்டுவாங்க.

அந்த "நிறுவனம் அளித்த கடிதம்"ங்கிறது தனிக் கதை. எனக்கு முதல்ல குடுத்த ரிலீவிங் லெட்டர்ல "ராஜினாமா செய்ததால்"னு இருந்தது. லோன் எடுக்கும்போது கூடவே ஒரு இன்ஷூரன்ஸ் போட்டு விட்டிருந்தாங்க, அதுல வேலை போனா மூணு இஎம்ஐ குடுப்போம்னு ஒரு பிரிவு இருந்துச்சு. பழைய ஃபைல்ல அது கிடைச்சப்போ எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! க்ளைம் போட்டேன், ராஜினாமான்னு இருக்கு, பொருந்தாதுன்னு ரெண்டு வரில முடிச்சிட்டாங்க. 82,000 ரூபாய் கிட்ட போச்சு. அப்புறம் எச்ஆருக்கு திரும்பத் திரும்ப மெயில் போட்டு "பணியிடம் நீக்கப்பட்டது"ன்னு தனியா ஒரு லெட்டர் வாங்கினேன், அது பேங்குக்கு உதவிச்சு, இன்ஷூரன்ஸ்க்கு உதவல. உங்கள ரிசைன் பண்ணச் சொல்றாங்கன்னா, பட்டன அழுத்தறதுக்கு முன்னாடி லோன் இன்ஷூரன்ஸ் பேப்பர எடுத்துப் படிங்க, காரணத்த லெட்டர்ல போடச் சொல்லி அப்பவே கேளுங்க. வெளிய வந்தப்புறம் உங்க மெயிலுக்கு யாரும் அவசரப்பட்டு பதில் போட மாட்டாங்க.

லெட்டர ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போயி ஒண்ணுல சீல், தேதி, கையெழுத்து வாங்கிக்கிட்டேன். டேபிள்ல வெச்சிட்டுப் போங்கன்னாங்க, நின்னு வாங்கிட்டுத்தான் வந்தேன். அதையே ஸ்கேன் பண்ணி ப்ராஞ்ச், ப்ராசஸிங் சென்டர், பேங்க் வெப்சைட்ல இருக்கிற குறைதீர்ப்பு அதிகாரி மூணு பேருக்கும் மெயில் போட்டேன். இது ஜூலை கடைசி.

பதில் வரதுக்குள்ள ஆகஸ்ட் 5 வந்துடுச்சு, நாச் முழு 27,567க்கும் வந்துச்சு. என் சேலரி அக்கவுண்ட் வேற பேங்க்ல, அதுல இருந்தது பதினஞ்சாயிரம் சொச்சம். நாச் இருக்கிறதை எடுத்துக்கிட்டு மிச்சத்த விடாது, முழுசா எடுக்கும், இல்லன்னா பவுன்ஸ். பவுன்ஸ் ஆச்சு, ரெண்டு பேங்க்கும் ஜிஎஸ்டியோட சேத்து தலைக்கு 590 ரூபாய் போட்டாங்க. அன்னிக்கு நான் அழுதது அந்த ஆயிரத்துச் சொச்சத்துக்காகன்னு சொன்னா சிரிப்பீங்க, ஆனா அதுக்குத்தான். மேனேஜர் "சொல்லியிருக்கேன் மேடம், வராது"ன்னாரே! நாச் ஃபைல் முன்கூட்டியே போயிடும், வாய்ல சொல்றதுக்கெல்லாம் நிக்காது. அதனால நிறுத்தி வெச்சாச்சுன்னு மெயில்ல பதில் வர்ற வரைக்கும் நிறுத்தலன்னு எடுத்துக்கோங்க. காச நாமளே போயி லோன் அக்கவுண்ட்டுக்கு கட்டிட்டு ரசீத வெச்சுக்கணும். சும்மா நாமளே மேண்டேட்ட கேன்சல் பண்ணிடலாம்னு சிலர் சொல்வாங்க, பேங்க் ஒத்துக்காம அப்படிப் பண்ணா வேணும்னே கட்டாம இருக்கீங்கன்னு ஆயிடும். நாச் பவுன்ஸுக்கும் செக் பவுன்ஸ் மாதிரியே கேஸ் போட சட்டம் இருக்கு.

ஆகஸ்ட் நடுவுல பதில் வந்துச்சு. தவணைய சட்டப்படி தள்ளிப் போட முடியாது, ஆனா மாசா மாசம் நான் கட்டறேன்னு சொன்ன தொகைய ஏத்துக்கறோம், நாச்ச டிசம்பர் வரைக்கும் அனுப்ப மாட்டோம், பாக்கிக்கு வழக்கமான அபராதக் கட்டணம் உண்டு, 90 நாளுக்குள்ள இருக்கிற வரைக்கும் மேல் நடவடிக்கை இல்ல. கேட்டது ஜனவரி வரைக்கும், கிடைச்சது இது. ஆனா எனக்கு வேண்டியது இதுலயே இருந்துச்சு, ரீஸ்ட்ரக்சரிங் முத்திரை இல்லாம மூச்சு விட அஞ்சு மாசம். அபராதத்த மட்டும் ஸ்டேட்மெண்ட்ல பாத்துட்டே இருங்க. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட்ல போட்ட உத்தரவுப்படி அதை கட்டணமாத்தான் போடணும், வட்டி விகிதத்துல ஏத்தக் கூடாது, அபராதத்து மேல வட்டி போடக் கூடாது. 2024 ஏப்ரல்லேருந்து புதுக் கடனுக்கும் ஜூன் முடியறதுக்குள்ள பழைய கடனுக்கும் அது வந்தாச்சு. எனக்கு ஒரு மாசம் தப்பா விழுந்தத மெயில் போட்டு திருப்பி வாங்கினேன். பழைய பாக்கிக்குப் போற காசுல கொஞ்சம் அபராதம் தின்னுடும்னுதான் அக்டோபர்லேருந்து 14,000க்கு பதிலா 14,500 போட்டேன்.

செப்டம்பர்ல கலெக்‌ஷன்லேருந்து ஃபோன் ஆரம்பிச்சுது. அவங்களுக்கும் ப்ராசஸிங் சென்டருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது போல, லெட்டர் குடுத்தது எதுவும் தெரியல. ஒருத்தன் ராத்திரி ஒம்பது மணிக்கு கூப்ட்டு மாமியார்கிட்ட பேசணும்னான். காலைல 8 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு, சீல் போட்ட லெட்டர், பேங்க் பதில், கால் வந்த நேரத்தோட ஸ்க்ரீன்ஷாட் மூணையும் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்பினேன், அடுத்த வாரமே நின்னுச்சு. பேங்க் 30 நாள்ல பதில் சொல்லலன்னாலோ, சொன்னது சரியில்லன்னாலோ cms.rbi.org.in ல ரிசர்வ் வங்கியோட குறைதீர்ப்பாளர், அதாவது ஒம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், காசு கிடையாது, ஆனா தவணைய தள்ளிப் போடச் சொல்லி உத்தரவு வாங்க அங்க போகாதீங்க, கடன் குடுக்கறதும் மாத்தறதும் பேங்கோட வியாபார முடிவுன்னு சொல்லிடுவாங்க. பதிலே சொல்லாதது, தப்பா கட்டணம் போட்டது, மிரட்டினது, இந்த மாதிரிக்குத்தான் அது.

நவம்பர் நடுவுல வேலை கிடைச்சுது, பழைய சம்பளத்துல முக்கால் பங்குதான். டிசம்பர் மொத வாரம் கணக்கு எஸ்எம்ஏ-2ல போயிடுச்சு, பயந்துட்டேதான் இருந்தேன். டிசம்பர் கடைசில புது சம்பளத்தையும் ரெண்டு வளையல வெச்ச காசையும் சேத்து எழுபதாயிரம் கிட்ட ஒரே அடியா கட்டினேன், ஓவர்டியூ பூஜ்யம்னு ஸ்டேட்மெண்ட் வாங்கினேன். சிபில் ஸ்கோர் 780லேருந்து 690க்கு வந்திருந்துச்சு, அவருக்கும்தான். எத்தனை நாள் பாக்கி இருந்துச்சுங்கிறது ரிப்போர்ட்ல 36 மாசம் தெரியும், அதனால வேற பேங்குக்கு மாத்தி வட்டி குறைக்கலாம்னு வெச்சிருந்த ப்ளான் இப்போதைக்கு இல்ல. ரிப்போர்ட்ல என்ன போட்டிருக்காங்கன்னு மட்டும் எடுத்துப் பாருங்க, எங்களுக்கு ஒரு மாசம் 57ன்னு வர வேண்டியது 87ன்னு வந்திருந்தது, ரசீது எல்லாம் வெச்சு டிஸ்ப்யூட் போட்டு மாத்தினோம். இன்னொண்ணு, நாச் தானா திரும்ப ஆரம்பிக்கும்னு நினைக்காதீங்க. டிசம்பர்லயே எழுதிக் கேட்டேன், சிஸ்டம்ல இன்னும் நிறுத்தினபடியேதான் இருந்துச்சு, ஜனவரி இஎம்ஐய கைல கட்டிட்டு பிப்ரவரிலேருந்துதான் ஒழுங்காப் போகுது.